விடியும்வரை இறங்காத நாடி: இரவு எட்டரை மணிப் பயிற்சியும் நித்திரையும்

கொக்குவில் கடைக்காரன் | திங்கள், இரவு 11:48

எல்லோருக்கும் வணக்கம். நான்கு மாதமாக ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. இங்கே ஓடுகிறவர்களும் விளையாடுகிறவர்களும் இருப்பதால் கேட்கிறேன்.

எனக்கு 34 வயது. யாழ்ப்பாணம் டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். இரவு 7:30க்குத்தான் ஷட்டர் இறக்கலாம். 8:15க்கு ஜிம்முக்குப் போனால் 9:30க்கு வெளியே வருவேன். திங்கள், புதன், வெள்ளி கடுமையான நாட்கள். முதலில் ஸ்குவாட், கடைசி இருபது நிமிடம் ட்ரெட்மில்லில் வேக ஓட்டமும் நடையுமாக மாறி மாறி. மற்ற நாட்களில் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து குளித்து, பத்து மணிக்குச் சாப்பிட்டு, 11க்குப் படுப்பேன். காலை 5:45க்கு அலாரம்.

கையில் கட்டியிருக்கும் வொட்ச் நித்திரையில் நாடித்துடிப்பையும் எழுதி வைக்கிறது. ஓய்வு நாள் இரவுகளில் சராசரி 57. ஆகக் குறைந்தது 52, அது சாமம் இரண்டரை மணியளவில் வரும். ஜிம்முக்குப் போன இரவுகளில் சராசரி 67. ஆகக் குறைந்தது 58, அதுவும் காலை 5:10க்கு. அதாவது நாடி நன்றாக இறங்கி முடிக்கும் நேரத்தில் எனக்கு அலாரம் அடிக்கிறது. எழும்பும்போது ஏதோ பஸ்ஸில் கொழும்புக்குப் போய்வந்த களைப்பு. ஸ்குவாட் ஆறு கிழமையாக 90 கிலோவிலேயே நிற்கிறது.

வெள்ளி ஜிம் முடிந்த இரவு, சாமம் 3 மணிக்கு விழித்துப் பார்த்தேன். தலையணை உறை ஈரம். இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன், 66. வொட்ச் 67 காட்டியது. ஆகவே வொட்ச்சில் பிழை இல்லை. இது உடம்புக்குக் கூடாததா? ஜிம்மை விடுவதா?

சுன்னாகத்தான் | திங்கள், இரவு 11:59

ஜிம்மில் பிழை இல்லை, சாப்பாட்டில்தான் பிழை. பத்து மணிக்குச் சாப்பிட்டுப் பதினொரு மணிக்குப் படுத்தால் வயிறு வேலை செய்துகொண்டே இருக்கும், இதயமும் அதோடு சேர்ந்து ஓடும். நான் இரவு ஏழு மணிக்குப் பிறகு தண்ணீர் தவிர ஒன்றும் தொடுவதில்லை. என் நாடி 54. சாப்பாட்டை நிறுத்திப் பாருங்கள், எல்லாம் சரிவரும்.

ஆவரங்கால் வலைக்காரன் | செவ்வாய், காலை 6:40

அண்ணை, நாங்கள் கரப்பந்தாட்டம் ஓவர் கேம் ஆடுகிறவர்கள். லைட் போட்டு ஆடினால் முடியப் பத்தரை, பதினொன்று ஆகும். வீட்டுக்கு வந்து தலையைச் சாய்த்தால் காலை வரை ஒன்றும் தெரியாது. இரவு விளையாடினால் நித்திரை கெடும் என்பதை நான் நம்பமாட்டேன். ஆடாத நாளில்தான் எனக்கு நித்திரை வராது.

மானிப்பாய் மகள் | செவ்வாய், காலை 9:15

நானும் ஒன்று கேட்கலாமா? என் அம்மாவுக்கு 61 வயது. உடற்பயிற்சி ஒன்றும் செய்வதில்லை. இரவில் படுத்த பிறகு நெஞ்சு படபடக்கிறது என்கிறார். பிரஷர் பார்க்கும் மெஷினில் நாடி 104, 108 என்று காட்டுகிறது. பின்னேரம் நடக்க அனுப்புவதை நிறுத்த வேண்டுமா?

இரவுப்பணித் தாதி | செவ்வாய், முற்பகல் 10:02

மானிப்பாய் மகள், உங்கள் அம்மாவின் கதை வேறு, இந்தத் தம்பியின் கதை வேறு. ஓய்வாகப் படுத்திருக்கும்போது நாடி நூறுக்கு மேல் நின்றால் அதற்குப் பயிற்சி நேரத்தை மாற்றுவது மருந்தல்ல. இரத்தச்சோகை, தைரொயிட், இதயத் துடிப்பின் தாளம் பிசகுவது என்று பார்க்க வேண்டியவை பல உண்டு. இந்தக் கிழமையே டொக்டரிடம் கூட்டிச் சென்று ஒரு ஈசிஜி எடுங்கள். நெஞ்சு நோவு, தலைச்சுற்று, மயக்கம் என்றால் கிழமையைப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு.

தம்பிக்கும் ஒரு சொல். ஓய்வு நாள் இரவிலும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நாடி பத்துக்கு மேல் கூடி நின்றால் அதை ஜிம்மின் தலையில் போடாதீர்கள். காய்ச்சல் வெளியே தெரிவதற்கு முன் நாடி கூடலாம். மாரி மழை தொடங்கினால் இங்கே டெங்குக் காலம், நினைவில் இருக்கட்டும்.

மானிப்பாய் மகள் | செவ்வாய், முற்பகல் 10:20

மிக்க நன்றி அக்கா. நாளைக்கே கூட்டிப் போகிறேன்.

தடகள ரீச்சர் | செவ்வாய், பின்னேரம் 5:30

கடைக்காரத் தம்பி, நான் முன்பு 1500 மீட்டர் ஓடியவள். இப்போது பிள்ளைகளைப் பழக்குகிறேன். நீங்கள் எழுதியதில் சராசரியைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஆகக் குறைந்த துடிப்பு எத்தனை மணிக்கு வந்தது என்பது. நிறையப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை.

உங்கள் வொட்ச்சின் படத்தில் ஓய்வு நாள் இரவைத் திறந்து பாருங்கள். கோடு ஏணை தொங்குகிற மாதிரி இருக்கும். படுத்ததும் இறங்கி, நடுச்சாமத்தில் ஆழத்துக்குப் போய், விடியும் பக்கம் மெல்ல ஏறும். இப்போது ஒரு வெள்ளி இரவைத் திறவுங்கள். அது ஏணையாக இராது, கிடுகுக் கூரை மாதிரி ஒரே பக்கச் சரிவாக இருக்கும். படுக்கும்போது உயரத்தில் தொடங்கி, இரவு முழுக்கச் சறுக்கி, எழும்பும் நேரத்தில்தான் அடிக்கு வரும். ஏணை இரவில் உடம்பு சாமத்துக்கு முன்னமே அடங்கிவிடுகிறது. கூரை இரவில் அடங்குகிற வேலைக்கே நித்திரையின் பெரும்பகுதி போய்விடுகிறது.

ஏன் இப்படி என்றால், இதயத்துக்கு ஒரு பிரேக் உண்டு. வேகஸ் என்ற நரம்பு. சும்மா இருக்கும்போது அது இதயத்தை இழுத்துப் பிடித்து மெதுவாக்குகிறது. பயிற்சி தொடங்கியதும் உடம்பு முதலில் செய்வது அந்தப் பிரேக்கை விடுவதுதான். அதற்கு மேலும் கடுமையாகப் போனால் அட்ரினலினும் வந்து சேரும். மெதுவான நடையோ மெல்லோட்டமோ என்றால் முடித்துச் சில நிமிடங்களிலேயே பிரேக் திரும்பிவிடும். மூச்சு முட்டும் அளவுக்குப் போய்விட்டால் அது முழுமையாகத் திரும்பப் பல மணித்தியாலம் எடுக்கும், சில வேளை அடுத்த நாள்கூட ஆகும். நீங்கள் 9:30க்கு முடித்து 11க்குப் படுக்கிறீர்கள். ஒன்றரை மணித்தியாலம். பிரேக் முழுதாகத் திரும்பியிராது.

அடுத்தது சூடு. நித்திரைக்கு ஆயத்தமாகும்போது உடம்பின் உள்சூடு இறங்கத் தொடங்கும். கையிலும் காலிலும் இரத்தத்தை அனுப்பித் தோல் வழியாக அதை வெளியேற்றும். கடும் பயிற்சி அந்தச் சூட்டை எதிர்ப்பக்கமாக ஏற்றி விடுகிறது. ஐரோப்பாவில் குளிர்ந்த அறையில் படுக்கிறவருக்கு அது கெதியாக இறங்கும். நம் ஊரில் சித்திரை, வைகாசி இரவில் காற்றே ஈரம், வியர்வை உலராது. நுளம்புக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, வலையும் போட்டால் ஃபேன் காற்று பாதிதான் உள்ளே வரும். தோலுக்கு இரத்தம் அனுப்பும் வேலையை இதயம் இரவு முழுக்கச் செய்துகொண்டே இருக்க வேண்டும். உங்கள் ஈரத் தலையணை சொல்வது அதைத்தான்.

ஜிம்மை விடாதீர்கள். ஆனால் ஒன்று கேட்கவேண்டும். பயிற்சிக்கு முன் ஏதாவது குடிக்கிறீர்களா?

கொக்குவில் கடைக்காரன் | செவ்வாய், இரவு 10:35

ரீச்சர், ஏணையும் கூரையும் அச்சாகப் பொருந்துகிறது. நான்கு மாதப் படத்தையும் இப்போதுதான் உருட்டிப் பார்த்தேன். 48 ஜிம் இரவில் 41 கூரைதான்.

ஓம், ஒரு பொடி குடிக்கிறேன். கடை மூடும்போது களைப்பாக இருக்கும் என்பதால் 7:45க்கு ஒரு கரண்டி. டப்பாவில் கஃபீன் 200 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. அதை எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை.

தடகள ரீச்சர் | செவ்வாய், இரவு 10:58

அதுதான் கேட்டேன். கஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுக்கும், ஆளுக்கு ஆள் வித்தியாசமும் உண்டு. 7:45க்குக் குடித்த 200இல் நடுச்சாமம் முக்கால் மணிக்கும் நூறு மிச்சம் இருக்கும். ஒரு கோப்பை கடும் கோப்பியைக் குடித்துவிட்டு நித்திரைக்கு நடுவில் கிடப்பதற்குச் சமம். இது நித்திரையை மெலிதாக்கும், பிந்தியும் வரவைக்கும். ஆனால் நாடியில் பத்து கூடுவதற்கு இதுதான் முழுக் காரணம் என்று இப்போதே சொல்லமாட்டேன்.

உங்களுக்கு இப்போது மூன்று சந்தேகப் பேர்வழிகள். பொடி, பத்து மணிச் சாப்பாடு, பயிற்சி நேரம். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் நாடி இறங்கும், ஆனால் எதனால் இறங்கியது என்று ஒருநாளும் தெரியவராது. கிழமைக்கு ஒன்றாக மாற்றுங்கள். முதல் கிழமை பொடியை மட்டும் நிறுத்துங்கள், மற்ற எல்லாம் அப்படியே. இரண்டாம் கிழமை சாப்பாடு. மூன்றாம் கிழமை நேரம். கரண்ட் போன இரவு, கலியாண வீட்டுக்குப் போன இரவு, காய்ச்சல் குணமுள்ள இரவு எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சுன்னாகத்தான் | செவ்வாய், இரவு 11:20

ரீச்சர், எனக்கும் இதில் கொஞ்சம் வாசிப்பு உண்டு. பின்லாந்தில் இளம் ஆட்களை இரவு பிந்திக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. நித்திரையின் தரம் கெடவில்லை என்றுதான் முடிவு. ஆகவே பயிற்சி நேரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. சாப்பாடுதான்.

தடகள ரீச்சர் | புதன், காலை 5:50

அந்த ஆய்வை நீங்கள் நினைவுபடுத்தியது நல்லது. அதை முழுக்கச் சொல்ல வேண்டும். நித்திரை கெடவில்லை, உண்மை. ஆனால் நித்திரையின் முதல் மூன்று மணித்தியாலம் இதயத் துடிப்பு கூடுதலாகவே இருந்தது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. தம்பி கேட்டது நித்திரை வருகிறதா என்று அல்ல, நாடி ஏன் இறங்கவில்லை என்று. ஆவரங்காலாருக்கும் இதே பதில்தான். தலை சாய்ந்ததும் நித்திரை வருவது ஒன்று, நித்திரையில் இதயம் ஓய்வுக்குப் போவது வேறொன்று. களைத்த உடம்பு கண்ணை மூடிவிடும், உள்ளே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்.

2025இல் நேச்சர் கொமியூனிகேஷன்ஸ் இதழில் அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகக் குழு ஒரு பெரிய கணக்கை வெளியிட்டது. கையில் பட்டி கட்டிய 14,689 பேர், ஒரு வருடம், ஏறக்குறைய 40 இலட்சம் இரவுகள். பயிற்சி படுக்கும் நேரத்துக்குக் கிட்டக் கிட்ட, கடுமையும் கூடக் கூட, நித்திரை பிந்தியது, குறுகியது, இரவு நாடி கூடியது. படுக்கைக்கு நான்கு மணித்தியாலமோ அதற்கு மேலோ முன்னதாக முடித்த ஆட்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. இது ஆட்களை இரண்டாகப் பிரித்துச் செய்த சோதனை அல்ல, அவரவர் தம்பாட்டில் செய்ததைப் பார்த்து எழுதியது. ஆகவே நான்கு மணித்தியாலம் என்பதைக் கல்லில் எழுதிய சட்டமாக எடுக்காதீர்கள். தொடங்குவதற்கு நல்ல இலக்கம், அவ்வளவுதான்.

சாப்பாட்டையும் நான் தள்ளிவிடவில்லை. சுன்னாகத்தார் சொல்வதில் பாதி சரி. வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தால் நாடி கூடத்தான் செய்யும். ஆனால் தம்பி, ஓய்வு நாட்களில் நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?

கொக்குவில் கடைக்காரன் | புதன், காலை 7:10

ஓய்வு நாளிலும் ஒன்பதே முக்கால், பத்துதான் ஆகும். அம்மா நான் குளித்து வந்த பிறகுதான் புட்டு அவிப்பார்.

தடகள ரீச்சர் | புதன், காலை 7:18

அப்படியானால் பத்து மணிச் சாப்பாட்டோடும் உங்களுக்கு 57 வருகிறது. சாப்பாடு மட்டும் காரணம் என்றால் ஓய்வு நாளிலும் கூரைதான் வந்திருக்க வேண்டும்.

சுன்னாகத்தான் | புதன், காலை 8:05

பயிற்சி செய்த நாளில் இரட்டிப்பாகச் சாப்பிடுவாரே. அளவையும் பார்க்க வேண்டும்.

கொக்குவில் கடைக்காரன் | புதன், காலை 8:30

அதுவும் உண்மைதான். வெள்ளிக்கிழமையில் வருகிற வழியில் கொத்துரொட்டி.

பண்ணைச் சைக்கிள் | புதன், பிற்பகல் 1:40

தம்பிக்கு ஒரு நேர்வழி சொல்கிறேன். எனக்கு 52 வயது. காலை நாலரைக்கு எழும்பி, ஐந்து மணிக்குப் பண்ணைப் பாலத்தில் சைக்கிள் மிதிக்கிறேன். கடல் காற்று, வாகனம் இல்லை. கடுமையான பயிற்சி எல்லாம் விடியப்புறத்தில்தான் செய்ய வேண்டும். இரவில் ஜிம் என்பதே பிழையான பழக்கம்.

கொக்குவில் கடைக்காரன் | புதன், இரவு 10:50

அண்ணை, ஆசைதான். ஆனால் நான் 11க்கு முன் படுக்க முடியாது. கணக்கு எழுதி, பிள்ளையோடு கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் படுக்கை. நாலரைக்கு எழும்பினால் ஐந்தரை மணித்தியால நித்திரைதான்.

தடகள ரீச்சர் | வியாழன், காலை 5:45

பண்ணை அண்ணை எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்பதைச் சொல்லவில்லை. ஒன்பது மணி என்றால் அவருக்கு அது பொருந்தும். தம்பி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நித்திரையைக் கொடுத்து விடியப்புறப் பயிற்சியை வாங்கினால் இலாபமா நட்டமா என்று எனக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. என் பிள்ளைகளில் நித்திரையைக் குறைத்துக் காலையில் ஓடியவர்கள் மூன்றாம் கிழமையில் களைத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். இரவில் ஓடியவர்களும் களைத்தார்கள், ஆனால் பிந்தி. படுக்கும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவர முடியாதவர் காலைக்கு மாறுவதில் எனக்கு விருப்பம் இல்லை.

பண்ணைச் சைக்கிள் | வியாழன், காலை 9:00

நான் எட்டே முக்காலுக்கே படுத்துவிடுவேன். ஆனாலும் மனம் வைத்தால் கடை வைத்திருப்பவரும் படுக்கலாம் என்பதே என் கருத்து.

கொக்குவில் கடைக்காரன் | மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, முற்பகல் 11:30

சொன்னபடியே செய்தேன். கொப்பி ஒன்றில் எழுதி வைத்ததை இங்கே போடுகிறேன்.

முதல் கிழமை பொடி இல்லை. மற்றதெல்லாம் பழையபடி, அதே பாரம், அதே நேரம். திங்கள் ஜிம்மில் தலையிடி, கையில் பலமே இல்லை. வெள்ளிக்குள் பழகிவிட்டது. நித்திரை வந்த நேரம் நன்றாக முன்னுக்கு வந்தது. முன்பு 11க்குப் படுத்தாலும் 11:50 ஆகும் கண் அயர, இப்போது 11:20. ஆனால் நாடி? மூன்று இரவின் சராசரி 66. ஆகக் குறைந்தது காலை 5 மணிக்கே வந்தது. கூரை கூரையாகவே இருந்தது. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது, பொடியில்தான் எல்லாம் என்று நம்பியிருந்தேன்.

இரண்டாம் கிழமை பொடியும் இல்லை, சாப்பாட்டையும் மாற்றினேன். பின்னேரம் ஆறு மணிக்குக் கடையிலேயே இடியப்பமும் சொதியும் ஒரு முழுச் சாப்பாடாக. இரவு வந்து ஒரு முட்டையும் வாழைப்பழமும் மோரும் மட்டும். புதன் இரவு கரண்ட் போய் ஃபேன் நின்றுவிட்டதால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. மற்ற இரண்டு இரவும் 64. ஆகக் குறைந்தது 4:30க்கு. சுன்னாகத்தாருக்கு நன்றி, அவர் சொன்னது வீண் போகவில்லை.

மூன்றாம் கிழமை மச்சானைக் கேட்டேன். திங்களும் வெள்ளியும் ஐந்து மணியிலிருந்து கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். 5:15 முதல் 6:30 வரை அதே ஸ்குவாட், அதே வேக ஓட்டம். பிறகு கடைக்குத் திரும்பி 7:30க்கு மூடினேன். படுக்கைக்கு நாலரை மணித்தியாலம் இடைவெளி. சாப்பாடு வேண்டுமென்றே பழையபடி பத்து மணிக்கு, அதுவும் நிறைய. திங்கள் இரவு 60, வெள்ளி இரவு 59. ஆகக் குறைந்தது 53, மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பு. படத்தைத் திறந்தபோது ஏணை. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

புதன்கிழமை மச்சான் வரமுடியாததால் பழைய 8:15க்கே ஜிம்முக்குப் போனேன், ஆனால் ரீச்சர் சொன்ன மாதிரி மெதுவாக. ட்ரெட்மில்லில் ஒரு முழு வசனத்தை மூச்சு வாங்காமல் சொல்லக்கூடிய வேகம், மேலுடம்புக்குப் பாரம் குறைவாக. அன்றிரவு 59. நேரம் பிந்தினாலும் மெதுவாகச் செய்தால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்குவாட் 92.5 இரண்டு முறை போனது.

தடகள ரீச்சர் | ஞாயிறு, பிற்பகல் 2:15

தம்பி, கொப்பியில் எழுதியதுதான் இதில் பெரிய வேலை. இப்போது படத்தைப் பார்த்தால் உங்கள் உடம்பில் பெரிய பங்கு கடும் பயிற்சி முடிந்த நேரத்துக்கு, சிறிய பங்கு சாப்பாட்டுக்கு, பொடி கெடுத்தது நித்திரை வரும் நேரத்தை. இரண்டு மூன்று இரவுதான், அதனால் 64க்கும் 66க்கும் உள்ள வித்தியாசத்தை நான் பெரிதாக எடுக்கமாட்டேன், இரண்டு என்பது சும்மாவே ஏறி இறங்கும். ஆனால் 67க்கும் 59க்கும் இடையில் எட்டு. அதோடு கோட்டின் வடிவமும் மாறியிருக்கிறது. அதை நம்பலாம்.

ஸ்குவாட் ஏறியதற்கு மட்டும் நாடியைக் காரணம் காட்டமாட்டேன். புதன்கிழமை இலேசாகப் போனதே கால்களுக்கு ஓய்வைத் தந்திருக்கலாம். ஐந்து மணிக்கு உடம்பு நாள் முழுக்கக் கடையில் நின்ற களைப்போடு இருக்காது, அதுவும் இருக்கலாம். இரவு நாடி கூடினால் தசை எவ்வளவு பிந்தி ஆறும் என்று நேராக அளந்து சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நாடி ஒரு அடையாளம். உடம்பு இன்னும் அடங்கவில்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

இரவுப்பணித் தாதி | ஞாயிறு, பின்னேரம் 4:00

பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடம்பு நிறை பார்த்தீர்களா? தண்ணீர் குறைந்தாலும் நாடி இறங்காது. இரத்தத்தின் அளவு குறைந்தால் அதே வேலைக்கு இதயம் கூடத் தடவை அடிக்க வேண்டும்.

கொக்குவில் கடைக்காரன் | ஞாயிறு, பின்னேரம் 4:25

வெள்ளி பார்த்தேன் அக்கா. ஈர உடுப்பைக் கழற்றித் துடைத்துவிட்டு ஏறினால் 1.2 கிலோ குறைவு. கடைக்கு வந்து உப்புப் போட்ட மோர் இரண்டு போத்தல், எட்டு மணிக்குள் முடித்துவிட்டேன். முன்பு இரவு பத்தரைக்கு ஒரேயடியாகத் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு தரம் சலம் கழிக்க எழும்புவேன், அதுவும் நின்றிருக்கிறது.

சுன்னாகத்தான் | ஞாயிறு, இரவு 8:10

சரி, நேரத்துக்குத்தான் பெரிய பங்கு என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முன்னேரச் சாப்பாட்டையும் முன்னேரப் பயிற்சியையும் சேர்த்து ஒரு கிழமை செய்து பாருங்கள். 57க்குக் கீழே போகும் என்று நினைக்கிறேன்.

ஆவரங்கால் வலைக்காரன் | ஞாயிறு, இரவு 11:05

நான் இதையெல்லாம் வாசித்துவிட்டு என் சொந்தத் தம்பியின் வொட்ச்சைக் கேட்டு வாங்கிக் கட்டினேன். ரீச்சர், உங்களோடு வாதாடினேன், அதனால் சொல்லத்தான் வேண்டும். வெள்ளி இரவு ஆட்டம் 10:40க்கு முடிந்தது. வென்ற சந்தோஷத்தில் பெடியளோடு ஒரு பியரும். 12:15க்குப் படுத்தேன், உடனே நித்திரை. சராசரி 72. ஆகக் குறைந்தது 61, அது 6:05க்கு. அலாரம் 6:10க்கு. ஆடாத செவ்வாய் இரவில் சராசரி 58.

எனக்கு நேரத்தை மாற்ற வழியில்லை. பகலில் எல்லோருக்கும் வேலை, லைட் போட்டால்தான் ஆட்டம். என்ன செய்வது?

தடகள ரீச்சர் | திங்கள், காலை 5:40

போட்டி போட்டிதான், அதை விடச் சொல்லமாட்டேன். பியரை முதலில் விட்டுப் பாருங்கள். மதுசாரம் தனியாகவே இரவு நாடியை நன்றாக ஏற்றும், ஆகவே உங்கள் 72இல் ஆட்டம் எவ்வளவு, பியர் எவ்வளவு என்று இப்போது பிரிக்க முடியாது. ஆட்டம் முடிந்ததும் அப்படியே உட்காராமல் மைதானத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் நடவுங்கள். வீட்டில் கிணற்றுத் தண்ணீரில் ஆறுதலாகக் குளித்து, தலையையும் துவாயால் உலர்த்திவிட்டுப் படுங்கள். அடுத்த நாள் காலை கடும் பயிற்சி வேண்டாம். முடிந்தால் அன்று அலாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுங்கள். உங்கள் கோடு அடிக்கு வந்து சேர்ந்தபோதுதான் உங்களை எழுப்பியிருக்கிறது.

அதற்கு மேல் கிழமையில் எத்தனை இரவு ஆட்டம் என்பதைப் பாருங்கள். ஒன்று என்றால் உடம்பு சமாளிக்கும். நான்கு இரவு தொடர்ந்து ஆடினால் எனக்குப் பயமாக இருக்கும்.

ஆவரங்கால் வலைக்காரன் | திங்கள், காலை 7:25

இந்த மாதம் கிழமைக்கு மூன்று. அடுத்த சனி ஆட்டம் இருக்கிறது, ஞாயிறு வேலை இல்லை. பியர் இல்லாமல், அலாரம் இல்லாமல் படுத்துப் பார்த்து இலக்கத்தை இங்கே போடுகிறேன். வொட்ச்சைத் திருப்பிக் கொடுக்க இன்னும் பத்து நாள் தவணை கேட்டிருக்கிறேன்.

மானிப்பாய் மகள் | திங்கள், காலை 8:50

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு இரத்தப் பரிசோதனையில் தைரொயிட் கூடுதலாக வந்திருக்கிறது. மருந்து தொடங்கியாயிற்று. தாதி அக்காவுக்கு அம்மா நன்றி சொல்லச் சொன்னார்.